கோயம்பேட்டு விலைப்பட்டியல் ஸ்கிரிப்ட்டை கன்டெய்னரில் அடைத்த கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் விடுதிகளுக்கும் மெஸ்களுக்கும் காய்கறி சப்ளை செய்யும் ஒரு சிறு நிறுவனம். கோயம்பேட்டில் கொள்முதல், மதுரவாயல் பக்கம் ஒரு குடோன். இரவில் மார்க்கெட்டில் நிற்கும் ஏஜென்ட் அன்றைய விலையைத் தட்டச்சு செய்து, நான்கு மணிக்குள் ஒரு சிஎஸ்வி கோப்பாக அனுப்புவார். அதில் அன்றைய விலையோடு, முந்தைய இரண்டு வாரத்து விலைகளும் இருக்கும். புதிய தேதி மேலே, பழையது கீழே. மார்க்கெட் விடுமுறை என்றால் முந்தைய நாள் விலையையே அந்தத் தேதிக்கும் எழுதிவிடுவார்கள். ஆக, ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு காய்க்கும் ஒரு வரி உண்டு.

காலை 4:30க்கு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடும். அதற்கு இரண்டு வேலை. முதல் வேலை, அன்றைய கோப்பின் மேல்வரிகளை எடுத்து விலைப்பட்டியல் தயாரிப்பது. வண்டியில் சரக்கு ஏற்றுபவர்கள் அதைப் பார்த்துத்தான் ரசீது போடுவார்கள். இரண்டாவது வேலை, கோப்பில் உள்ள எல்லா வரிகளையும் தேதி, காய் என்ற இணையைச் சாவியாக வைத்து தரவுதளத்தில் சேர்த்து, மாதச் சராசரியைப் புதுப்பிப்பது. அந்தச் சாவியில் ஏற்கெனவே வரி இருந்தால் புதியது அதன்மேல் எழுதப்படும். பெரிய விடுதிகளுடன் போட்டிருக்கும் ஒப்பந்தம் இந்த மாதச் சராசரியை வைத்துத்தான்.

ஸ்கிரிப்ட் சில ஆண்டுகளாக குடோனில் இருந்த ஒரு பழைய விண்டோஸ் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார். கணினி அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியதால் ஜூன் 15 அன்று புதிய லேப்டாப் ஒன்றில் பைத்தானையும் தேவையான நூலகங்களையும் நிறுவி ஸ்கிரிப்ட்டை மாற்றினார்கள். தரவுதளம் முன்பிருந்த அதே கிளவுட் சர்வரில்தான் இருந்தது. நானும் இன்னொரு நிரலரும் உள்ளே வந்தது இதற்குப் பிறகு.

கண்டது

ஜூன் முடியும்வரை லேப்டாப்பில் ஒரு சிக்கலும் இல்லை. ஜூலை 1 காலை ஸ்கிரிப்ட் பாதியில் நின்றது:

```
ValueError: time data "30/06/2024" doesn't match format "%m/%d/%Y"
```

வண்டிகள் காத்திருந்ததால் குடோன் ஆட்கள் பழைய கணினியைத் தட்டி எழுப்பி அதில் ஓட்டினார்கள். ஓடியது. அப்புறம் சில நாள் அதிலேயே ஓட்டினார்கள். "பழசுல ஓடுது, புதுசுல ஓடல. பழசுல இருக்கிற மாதிரியே அப்படியே ஒரு கன்டெய்னர்ல போட்டுக் கொடுத்துடுங்க, எந்த மெஷின்லயும் ஓடட்டும்." எங்களிடம் வந்த கோரிக்கை இவ்வளவுதான். நிரலையும் அது ஓடத் தேவையான நூலகங்களையும் ஒன்றாக அடைத்துத் தருவதுதான் கன்டெய்னர் என்பதால், நியாயமான கோரிக்கையும்கூட.

ஆனால் அதே வாரத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா வேறொன்றைச் சொன்னார். ஜூன் மாதத்துக்கான ரசீதுகளை ஜூலை 2 அன்றே முடித்து அனுப்பிவிட்டிருந்தார். 6ஆம் தேதி ஒரு விடுதி நகல் ரசீது கேட்டது. மறுபடி அச்செடுத்தால் ஜூன் சராசரி வேறாக வந்தது. "மூடின மாசத்தோட கணக்கு எப்படிப்பா மாறும்?" என்று கேட்டார். வேலை முழுவதையும் திசைதிருப்பிய கேள்வி அது.

என்ன நடந்தது

லேப்டாப்பில் நின்றுபோன வரி இது:

```python
df["date"] = pd.to_datetime(df["date"])
```

தேதி நாள்/மாதம்/ஆண்டு என்ற வரிசையில் வருகிறது என்று இந்த வரி எங்கும் சொல்லவில்லை. எனவே நூலகம் ஊகிக்கிறது. பாண்டாஸ் நூலகத்தின் 2.0 பதிப்பில், 2023 ஏப்ரலில், அந்த ஊகிக்கும் முறை மாறியது. பழைய கணினியில் இருந்தது 1.5.3, லேப்டாப்பில் ஏறியது 2 வரிசைப் பதிப்பு.

பழைய பதிப்பு ஒவ்வொரு தேதியையும் தனித்தனியே படிக்கும். இயல்பாக மாதம்தான் முன்னால் என்று எடுத்துக்கொள்ளும். 05/06/2024 என்பது அதற்கு மே 6. ஆனால் 13/06/2024 வந்தால் 13ஆவது மாதம் இல்லாததால், அந்த ஒரு தேதிக்கு மட்டும் நாளை முன்னால் வைத்து ஜூன் 13 என்று சரியாகப் படித்துவிடும். அப்போது ஓர் எச்சரிக்கை வரும். ஆனால் தானியங்கியாக ஓடிய கணினியில் அதைப் பார்க்க யாரும் இல்லை.

புதிய பதிப்பு முதல் வரியின் தேதியை வைத்து ஒரு வடிவத்தை முடிவு செய்து, கோப்பு முழுவதற்கும் அதையே பயன்படுத்தும். ஜூன் 15 அன்று முதல் வரி 15/06/2024. நாள்தான் முன்னால் என்பது அதிலேயே தெரிந்துவிடுவதால் கோப்பு முழுவதும் சரியாகப் படிக்கப்பட்டது. ஜூலை 1 அன்று முதல் வரி 01/07/2024. மாதம் முன்னால் என்று முடிவு செய்துவிட்டு, அடுத்து வந்த 30/06/2024இல் முட்டி நின்றது. லேப்டாப் மாதத்தின் 13 முதல் கடைசி நாள்வரை ஓடும், 1 முதல் 12 வரை நிற்கும். ஜூன் 15க்குப் பின் இரண்டு வாரம் ஒழுங்காக ஓடியதைப் பார்த்து மாற்றம் வெற்றி என்று நம்பியதில் வியப்பில்லை.

ஆக, நின்றுபோன லேப்டாப்தான் நேர்மையாக நடந்திருக்கிறது. ஓடிக்கொண்டிருந்த கணினி சில ஆண்டுகளாகத் தவறாக எழுதிக்கொண்டிருந்தது. அன்றைய விலைப்பட்டியல் கோப்பின் மேல்வரிகளிலிருந்து வருவதால் அதில் தவறு தெரியவில்லை. தவறு மாதச் சராசரியில் மட்டும் இருந்தது.

அது இத்தனை நாள் சிக்காமல் போனதற்கான காரணம் விரிவாகச் சொல்லத் தக்கது. நாள், மாதம் இரண்டும் 12க்குள் இருக்கும் தேதிகள் மட்டும்தான் இடம் மாறும். அதனால் பழைய கணினி எழுதிய ஜூன் மாதத்தில் ஜூன் 13 முதல் 30 வரை உண்மையான ஜூன் விலைகள் இருக்கும். ஜூன் 1 என்ற இடத்தில் இருப்பது ஜனவரி 6 விலை. ஜூன் 2இல் பிப்ரவரி 6. இப்படியே ஜூன் 12இல் டிசம்பர் 6. ஆண்டு முடிந்தபின் எண்ணிப் பார்த்தால் ஒவ்வொரு காய்க்கும் சரியாக 30 வரி இருக்கும். மாதத்துக்கு எத்தனை வரி என்று எண்ணும் ஒரு சோதனை ஸ்கிரிப்ட்டில் இருக்கத்தான் செய்தது. கடந்த ஆண்டுகளுக்கு அது எப்போதும் சரி என்றே சொல்லியது. நடப்பு ஆண்டுக்கு அந்தச் சோதனையை ஓட்டுவதில்லை.

அக்கா கேட்ட கேள்விக்கு விடையும் இதில்தான் இருந்தது. ஜூன் 15 முதல் லேப்டாப் ஓடியபோது ஜூன் 1 முதல் 12 வரையான இடங்களில் சரியான விலைகள் மேலெழுதப்பட்டுவிட்டன. ஜூலை 2இல் அவர் பார்த்தது சரியான ஜூன் சராசரி. ஜூலை 6 காலை பழைய கணினி 06/07/2024ஐ ஜூன் 7 என்று படித்து, அந்த இடத்தில் ஜூலை விலையை எழுதியது. மூடிய மாதம் மாறிவிட்டது. முந்தைய ஆண்டுகளிலும் ஒவ்வொரு மாதமும் 6ஆம் தேதி ஜூன் கணக்கு கொஞ்சம் நகர்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. ரசீது அனுப்பியபின் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதல் முடிவு: உறைய வைக்கவில்லை

கேட்டபடியே செய்திருக்கலாம். பைத்தானின் பழைய பதிப்பு, பாண்டாஸ் 1.5.3, அதே ஸ்கிரிப்ட். அரை நாள் வேலை. ஜூலை 1இல் வந்த பிழை மறுபடி வராது, எல்லா மெஷினிலும் ஒரே மாதிரி ஓடும். அதாவது எல்லா மெஷினிலும் ஜூன் 7இல் ஜூலை விலை எழுதப்படும். கன்டெய்னர் ஒரு நிரலின் நடத்தையை நிலையாக்கும். அந்த நடத்தை சரியா என்று அது கேட்காது. பதிப்பு வேறுபாடு என்ற ஒரே தடயத்தையும் நாமே மறைத்துவிடுவோம்.

அதனால் வரிசையை மாற்றினோம். முதலில் ஊகத்துக்கு இடமில்லாமல் செய்வது, பிறகு அடைப்பது.

```python
df["date"] = pd.to_datetime(df["date"], format="%d/%m/%Y")
```

இப்படி எழுதினால் 1.5.3இலும் 2 வரிசையிலும் ஒரே விடை வருகிறது. பொருந்தாத தேதி வந்தால் இரண்டுமே நின்றுவிடும். ஒரு நிரலைக் கன்டெய்னரில் போடும்முன் அதை வேண்டுமென்றே இரண்டு வேறு பதிப்புகளில் ஓட்டிப் பார்ப்பதை நான் வலுவாகப் பரிந்துரைக்கிறேன். விடை வேறுபடும் இடமெல்லாம் நிரல் எதையோ சொல்லாமல் விட்டிருக்கும் இடம்.

பழைய தரவைத் திருத்த இரண்டு வழி இருந்தது. தரவுதளத்தில் நாள் 12க்குள் இருக்கும் எல்லாத் தேதிகளிலும் நாளையும் மாதத்தையும் இடம் மாற்றுவது ஒன்று. பழைய கணினி மட்டுமே எழுதியிருந்தால் கணக்குப்படி அது முழுமையாகச் சரியாகிவிடும். ஆனால் லேப்டாப் சரியாக எழுதிய வரிகளும் இப்போது அதே அட்டவணையில் கலந்திருந்தன. எந்த வரியை யார் எழுதியது என்பதற்குப் பதிவு இல்லை. மாற்றினால் சரியான வரிகளும் கெடும். ஏஜென்ட் அனுப்பிய மூலக் கோப்புகள் மின்னஞ்சலில் அப்படியே இருந்ததால், புதிய அட்டவணை ஒன்றைத் தொடங்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றினோம்.

அடைத்தது

```dockerfile
FROM python:3.11.9-slim-bookworm
ENV TZ=Asia/Kolkata PYTHONUNBUFFERED=1
WORKDIR /app
COPY requirements.lock .
RUN pip install --no-cache-dir --require-hashes -r requirements.lock
COPY refresh.py .
USER 1000
ENTRYPOINT ["python", "refresh.py"]
```

முதல் வரியில் `python:3.11-slim` என்று மட்டும் எழுதினாலும் வேலை செய்யும். ஆனால் அந்தப் பெயர் சுட்டும் இமேஜ், அதாவது கன்டெய்னரை உருவாக்கும் அச்சு, காலப்போக்கில் மாறும். 2023இல் டெபியன் லினக்ஸின் புதிய பதிப்பு வந்தபோது அதன் அடித்தளம் முழுவதும் மாறியது. அதனால் பைத்தானின் முழு எண்ணையும் டெபியன் பதிப்பையும் எழுதினோம். அதே பெயரிலும் பாதுகாப்புத் திருத்தங்களுக்காக மறுபடி இமேஜ் கட்டப்படலாம் என்பதால், சர்வரில் ஓட்டும்போது நாங்கள் கட்டிய இமேஜை அதன் `sha256` அடையாளத்தால்தான் அழைக்கிறோம். நூலகங்களுக்கும் அப்படியே. `pip-compile --generate-hashes` தரும் கோப்பில் பாண்டாஸ் மட்டுமில்லாமல், அது இழுத்து வரும் ஒவ்வொரு நூலகத்துக்கும் பதிப்பு எண்ணும், கோப்பு மாறினால் மாறிவிடும் ஹாஷ் என்ற கைரேகையும் இருக்கும். தரவுதளக் கடவுச்சொல் இமேஜுக்குள் போகவில்லை. ஓட்டும்போது வெளியிலிருந்து தருகிறோம்.

மேலே உள்ள `TZ` வரி முதல் வடிவத்தில் இல்லை. அது வந்த விதம் அடுத்தது.

காலை 4:30 ஒத்திகை

பகலில் எத்தனை முறை ஓட்டியும் கன்டெய்னர் சரியாகவே நடந்தது. உண்மையான நேரத்தில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று குடோனில் லேப்டாப்பிலேயே 4:30க்கு ஓட்டினோம். விலைப்பட்டியல் வந்தது. பிழை இல்லை, முடிவுக் குறியீடு 0. ஆனால் பட்டியலில் இருந்தது நேற்றைய தேதி, நேற்றைய விலை. அதே லேப்டாப்பில், அதே நிமிடத்தில், கன்டெய்னருக்கு வெளியே ஓட்டினால் இன்றைய விலை.

எந்தக் கோப்பை எடுப்பது என்பதை ஸ்கிரிப்ட் `date.today()` வைத்து முடிவு செய்கிறது. லேப்டாப்பின் கடிகாரம் இந்திய நேரம். கன்டெய்னருக்குள் எதுவும் சொல்லாவிட்டால் யூடிசி என்ற உலகப் பொது நேரம். இந்திய நேரம் ஐந்தரை மணி முன்னால் இருப்பதால், இங்கே காலை 4:30 ஆகும்போது அங்கே முந்தைய நாள் இரவு 11:00. நள்ளிரவிலிருந்து காலை 5:30 வரை ஓடும் எந்த நிரலும் இந்தக் குழியில் விழும். 5:30க்குப் பிறகு சோதிப்பவர் கண்ணில் அது படவே படாது. காய்கறி மார்க்கெட் வேலை பெரும்பாலும் அந்த ஐந்தரை மணி நேரத்துக்குள்தான் நடக்கிறது.

`TZ` மாறியை வைத்தால் சிக்கல் தீர்ந்துவிடும். நாங்கள் எடுத்த அடித்தள இமேஜில் நேர மண்டலத் தரவு இருந்ததால் அது வேலையும் செய்தது. ஆனால் அதை மட்டும் நம்ப விரும்பவில்லை. யாராவது நாளை வேறு இமேஜுக்கு மாறினால், அல்லது அந்த வரியை நீக்கினால், மறுபடி சத்தமில்லாமல் நேற்றைய விலை வரும். அதனால் தேதியை நிரலுக்குள்ளேயே தெளிவாக்கினோம்:

```python
today = datetime.now(ZoneInfo("Asia/Kolkata")).date()
```

கூடவே `--for-date` என்று ஒரு விருப்பம். அதில் தேதி தந்தால் கடிகாரத்தையே பார்க்காது. பழைய நாளை மறுபடி ஓட்டவும், சோதனைக்கும் இது உதவியது. கோப்பின் மேல்வரித் தேதியும் இந்தத் தேதியும் பொருந்தாவிட்டால் ஸ்கிரிப்ட் நின்றுவிட வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தோம்.

கன்டெய்னருக்கு வெளியே இன்னொரு கடிகாரமும் இருக்கிறது. தினசரி ஓட்டத்தை கிளவுட் சர்வருக்கு மாற்றியபோது அங்கே குறித்த நேரத்தில் நிரலை எழுப்பும் கிரான் யூடிசியில் இருந்தது. உள்ளே என்ன நேர மண்டலம் வைத்தாலும் எப்போது எழுப்புவது என்பதை வெளியே இருக்கும் கிரான்தான் முடிவு செய்கிறது. அங்கே `0 23 * * *` என்று எழுத வேண்டியிருந்தது. `30 4` என்று எழுதியிருந்தால் பட்டியல் காலை 10 மணிக்கு வந்திருக்கும்.

எந்த மெஷினிலும்?

என்னுடன் இருந்த நிரலர் இமேஜைத் தன் மேக்கில் கட்டி சர்வருக்கு அனுப்பினார். அங்கே `exec format error`. அவருடைய மேக்கில் ஆர்ம் வகைச் செயலி, சர்வரில் இன்டெல் வகை. இமேஜுக்குள் இருக்கும் பைத்தான் ஒரு செயலி வகைக்கென்று தொகுக்கப்பட்டது, அதைக் கன்டெய்னர் மாற்றித் தராது. `docker buildx build --platform linux/amd64,linux/arm64 .` என்று இரண்டு வகைக்கும் கட்டினோம். இது உடனே தெரியும் வகைத் தவறு என்பதால் அதிக நேரம் பிடிக்கவில்லை.

ஒரே மாதிரி நடக்கிறது என்று எப்படிச் சொல்வது என்பதில்தான் நேரம் செலவிட்டோம். "ஓடுகிறது" என்பது போதாது என்பதை ஜூன் மாதமே காட்டிவிட்டது. மாதம் மாறும் இடம், 12லிருந்து 13க்குத் தாண்டும் இடம், ஆண்டு மாறும் இடம் மூன்றும் வரும்படி ஒரு சிறு மாதிரித் தொகுப்பைக் கையால் எழுதினோம். சரியான சராசரியை அக்காவே காகிதத்தில் போட்டுக் கொடுத்தார். தரவுதளத்தைத் தொடாமல் கோப்புக்கு எழுதும் ஒரு சோதனை முறையை ஸ்கிரிப்ட்டில் வைத்து, `--network none` கொடுத்து ஓட்டினோம். வெளியிலிருந்து எதையும் ரகசியமாக இழுக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. வெளியீட்டை லேப்டாப், மேக், சர்வர் மூன்றிலும் `sha256sum` போட்டு ஒப்பிட்டோம்.

ஒரு விஷயத்தை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருந்தது. சராசரி தசம எண்களில் கணக்கிடப்பட்டது. வேறு வகைச் செயலியில் கூட்டும் வரிசை மாறினால் கடைசி இலக்கம் வேறாகலாம். அப்படி ஒரு வேறுபாடு வந்தாலே கைரேகை மாறிவிடும், உண்மையான தவறா இல்லையா என்று தெரியாது. விலையைப் பைசாவில் முழு எண்ணாக வைத்து, கடைசியில் மட்டும் வகுத்து முழுமையாக்கினோம். மூன்று மெஷினிலும் ஒரே கைரேகை வந்தது. அக்காவின் காகிதக் கணக்குடனும் பொருந்தியது.

தொடர்ந்து நடந்தது

மறுபடி ஏற்றிய தரவில் பழைய மாதச் சராசரிகள் மாறின. சில மாதங்களில் விடுதிகளிடம் கூடுதலாக வாங்கியிருந்தார்கள், சிலவற்றில் குறைவாக. விலை அதிகம் ஆடும் தக்காளியிலும் சின்ன வெங்காயத்திலும் வேறுபாடு பெரிதாக இருந்தது. நடப்பு ஆண்டில் கூடுதலாக வாங்கியதை அடுத்த ரசீதில் கழித்துத் தருவது, குறைவாக வாங்கியதைக் கேட்பதில்லை என்று முதலாளி முடிவு செய்தார். எங்கள் வேலைக்கு வெளியே இருந்த முடிவுதான், ஆனாலும் அப்படிச் செய்தது மனதுக்கு நிறைவாக இருந்தது.

ஆகஸ்ட் 1 காலையில் எல்லாரும் விழித்துப் பார்த்தோம், பட்டியல் வந்தது. 6ஆம் தேதி அக்கா ஜூன் சராசரியை எடுத்துப் பார்த்தார், மாறவில்லை. பழைய கணினியை நீக்கியாயிற்று. சர்வர் நின்றால் அதே இமேஜை லேப்டாப்பில் ஓட்டலாம். ஒருமுறை அப்படி ஓட்ட வேண்டியும் வந்தது, விலைப்பட்டியலில் வேறுபாடில்லை.

மாற்ற வேண்டியவை

இமேஜ் இன்னமும் ஒருவருடைய மேக்கில்தான் கட்டப்படுகிறது. அதை ஒரு பொதுவான கட்டுமான இடத்துக்கு மாற்ற வேண்டும்.

பதிப்புகளைப் பூட்டியதற்கு ஒரு விலை உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக உள்ளே வராது. பைத்தான் 3.11க்கே 2027 அக்டோபர்வரைதான் திருத்தங்கள் வரும். அதனால் மாதத்துக்கு ஒருமுறை புதிய அடித்தளத்தில் இமேஜைக் கட்டி, மாதிரித் தொகுப்பின் கைரேகை மாறாவிட்டால் மட்டும் சர்வரில் மாற்றுவது என்று வைத்திருக்கிறோம். அந்த ஒத்திகையைக் காலை 5:30க்கு முன்னால் வரும் ஒரு நேரத்துக்கும் சேர்த்துச் செய்ய வேண்டும். கன்டெய்னருக்குள் கடிகாரத்தைப் போலியாக்கி அதைத் தானியங்கியாக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

மூலக் கோப்பு இன்னும் கையால்தான் தட்டச்சு செய்யப்படுகிறது. ஆண்டை முன்னால் வைத்து 2024-07-06 என்று எழுதச் சொல்லலாமா என்று ஏஜென்டிடம் கேட்டோம். ராத்திரி மூன்று மணிக்கு, மூட்டைகளுக்கு நடுவில் நின்று எழுதுபவர் அவர். பழகிய வரிசையிலேயே எழுதுகிறேன் என்றார், சரி என்று விட்டுவிட்டோம். நாளையும் மாதத்தையும் அவரே மாற்றி எழுதிவிட்டால், மேல்வரியில் இருந்தால் ஸ்கிரிப்ட் நிற்கும். கீழே எங்காவது இருந்தால் 12க்குள் இருக்கும் தேதியை இப்போதும் அது ஏற்றுக்கொண்டுவிடும். கோப்பில் உள்ள தேதிகள் ஒன்றன்பின் ஒன்றாக, இடைவெளி இல்லாமல் இறங்குகின்றனவா என்று பார்க்கும் ஒரு சோதனையை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம்.